ஒரே கோப்பில் பழைய லையும் புதிய லையும்: எழுத்து வடிவக் கலப்பைத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கட்டுரையில் சில பத்தியில் 'லை' துதிக்கையோடு வருகிறது, சில பத்தியில் இப்போதைய மாதிரி வருகிறது. எது தவறு?

இரண்டுமே சரியான எழுத்துதான். ஒரே கோப்பில் இரண்டும் கலந்து வருவதுதான் குறை. ஆனால் திருத்தத் தொடங்கும் முன் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும்: கலப்பு எழுத்துருவில் இருக்கிறதா, எழுத்திலேயே இருக்கிறதா? எழுத்துரு என்பது சட்டை மாதிரி, மாற்றிப் போட்டால் தீர்ந்தது. எழுத்தே மாறியிருந்தால் (லை இருக்க வேண்டிய இடத்தில் லே, றா இருக்க வேண்டிய இடத்தில் ரு) எந்த எழுத்துருவைப் போட்டாலும் தீராது, படித்துத்தான் திருத்த வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியவர்கள் நல்ல எழுத்தையும் கெடுத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

எந்தெந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும்? 247-ஐயும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம், பதின்மூன்றைப் பார்த்தால் போதும். இந்த வரியை அப்படியே உங்கள் கோப்பில் ஒட்டிப் பாருங்கள்:

```
ணா றா னா  ணொ றொ னொ  ணோ றோ னோ  ணை லை ளை னை
```

முன்பு மற்ற மெய்களெல்லாம் ஆகாரத்துக்குத் தனியாக ஒரு கால் வாங்கிக்கொள்ள, ண, ற, ன மூன்று மட்டும் கால் வாங்காமல் தம் வலப்பக்கத்தையே கீழே சுழித்துக்கொண்டன. ஒகர, ஓகார எழுத்துகளிலும் அந்தக் கால் வருவதால் அங்கேயும் அதே சுழிதான். ஐகாரத்தில் ண, ல, ள, ன நான்கும் தனிக் கொம்பு வாங்காமல், இடப்பக்கத்தில் மேலே எழும்பி ஒட்டிய ஒரு வளைவை வாங்கின. அதைத்தான் துதிக்கை என்கிறோம்.

நினைவில் வைப்பது எளிது. ண, ன இரண்டும் இரு பட்டியலிலும் உண்டு. ற ஆகாரப் பக்கம் மட்டும், ல, ள ஐகாரப் பக்கம் மட்டும். கை, தை, மை, ரை, றை போன்றவற்றுக்குப் பழைய வடிவம் என்று ஒன்று கிடையாது.

1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணைதான் இந்தப் பதின்மூன்றையும் மற்ற எழுத்துகளின் வழக்குக்கே கொண்டுவந்தது. அப்போது முதல்வர் எம்.ஜி.ஆர். பெரியார் நூற்றாண்டையொட்டி வந்த ஆணை அது.

பழைய லையைத் தேடிப் புதிய லையாக மாற்றப் பார்த்தேன். தேடினால் இரண்டுமே சிக்குகின்றன. ஏன்?

யூனிகோடில் பழைய லை, புதிய லை என்று இரண்டு எழுத்து கிடையாது. ல ஓர் எண், அதற்குப் பின்னால் ஐகாரக் குறி ஓர் எண், அவ்வளவுதான். பைத்தானில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
for c in "லை": print(hex(ord(c)))
```

`0xbb2`, `0xbc8` என்று இரண்டு எண்கள் வரும். துதிக்கையோடு தெரியும் லையை வெட்டி ஒட்டிக் கேட்டாலும் அதே இரண்டு எண்கள்தான் வரும். அந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தால் துதிக்கை போட்டுக் காட்டுவதா, தனிக் கொம்பு போட்டுக் காட்டுவதா என்பதை முடிவு செய்வது எழுத்துரு. கோப்புக்கு அந்த வேறுபாடே தெரியாது. ஆகவே தேடல் பெட்டியில் 'பழைய லை' என்று ஒன்றைத் தர வழியே இல்லை.

இதில் ஒரு நன்மையும் உண்டு. எழுத்துருவால் மட்டும் வந்த கலப்பு என்றால் உங்கள் உரைக்கு எந்தச் சேதமும் இல்லை. தேடல், அகரவரிசை, சொல் எண்ணிக்கை எல்லாம் சரியாகவே நடக்கும்.

சிலர் பழைய வடிவத்தை உடைக்க நினைத்து லவுக்கும் ஐகாரக் குறிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறியைச் செருகுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல இடங்களில் கொம்பு தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். அப்புறம் 'கலை' என்று தேடினால் அந்தச் சொல் கிடைக்காது.

சரி, எழுத்துருவா எழுத்தா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

கலப்பு உள்ள பக்கத்தை முழுவதும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். நோட்பேடுக்கு ஒரு நேரத்தில் ஓர் எழுத்துருதான் தெரியும். எழுத்துருவை Nirmala UI என்றோ Latha என்றோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே விண்டோஸுக்கானவை, புதிய வடிவத்தையே காட்டுபவை. இப்போது மூன்றில் ஒன்று நடக்கும்.

எல்லா லையும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் எழுத்துருக் கலப்பு. சில பத்திகள் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தால் அவை யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தும் 'என்ருர்', 'கூறிஞர்', 'வேலே' என்று படித்தால் எழுத்தே பிழை. ஒரு கோப்பில் மூன்றும் இருக்கலாம். பல கை மாறி வந்த கோப்புகளில் பெரும்பாலும் மூன்றும் இருக்கும்.

எழுத்துருதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினேன், பிறகும் சில இடம் பழைய மாதிரியே நிற்கிறது.

வேர்ட் ஒவ்வொரு துண்டு உரைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருப் பெயர்களை வைத்திருக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று, தமிழ் போன்ற கூட்டெழுத்து மொழிகளுக்கு இன்னொன்று. மேல்பட்டையில் தெரியும் பெயர் எப்போதும் தமிழுக்கானதாக இருக்கும் என்று நம்ப முடியாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்துங்கள். வரும் பெட்டியில் `Complex scripts` என்ற பகுதியில் உள்ள எழுத்துருவை மாற்றுங்கள். லிப்ரே ஆபீஸில் இதே இடத்துக்கு `CTL` என்று பெயர்.

அதற்கும் அசையாத பத்தி என்றால், வேறெங்கிருந்தோ ஒட்டியபோது அதன் ஒப்பனையும் சேர்ந்து வந்திருக்கும். அந்தப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வேர்டில் `Ctrl+Space`, லிப்ரே ஆபீஸில் `Ctrl+M` அழுத்தினால் நேரடி ஒப்பனை போய்விடும். அதோடு தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் போய்விடும். அதனால் முழுக் கோப்புக்கும் ஒரே அடியாக இதைச் செய்ய வேண்டாம். இனிமேல் வெளியிலிருந்து எதை ஒட்டினாலும் `Keep Text Only` என்று ஒட்டுங்கள். இந்த வகைக் கலப்பில் பெரும்பகுதி உள்ளே வருவதே அந்த வழியாகத்தான்.

அடிக்குறிப்பு, பக்கத் தலைப்பு, படத்தின் மேல் வைத்த உரைப்பெட்டி, இந்த மூன்றையும் தனியாகத் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்ததாக நாம் நினைக்கும்போது இவை வெளியே நின்றுவிடும்.

லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. Lohit Tamil, Lohit Tamil Classical என்று இரண்டு எழுத்துருக்கள் உண்டு. இரண்டாவது பழைய வடிவத்துக்கானது. பெயர்ப் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் கை தவறி அதைத் தொட்டுவிடலாம்.

எழுத்துருவை மாற்றியதும் நடுவில் ஒரு பக்கம் முழுக்க `jkpo;` என்று ஆகிவிட்டது. உரை அழிந்துபோனதா?

அழியவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்'. பாமினி மாதிரியான எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. கோப்பில் உள்ளது உண்மையில் ஆங்கில எழுத்துதான், பாமினிதான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. மாற்றத்தை `Ctrl+Z` கொடுத்துத் திரும்பப் பெறுங்கள். அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து ஒரு குறிமுறை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு கோப்பில் சேருங்கள்.

மாற்றும் முன் அந்தப் பகுதியின் எழுத்துருப் பெயரைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்து இருக்கும் இடம் வேறு. இன்னொன்று, இந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். 'இல்லை' பாமினியில் `,y;iy`. கடைசியில் முதலில் கொம்பு, பிறகு ல. யூனிகோடில் ல முதலில், கொம்பு பிறகு. தவறான மாற்றியைப் போட்டால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாற்றிய பக்கத்தில் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் சொற்கள் பத்தைப் படித்துப் பார்த்தால் மாற்றி சரியா என்று தெரிந்துவிடும்.

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் போட்டேன். 'என்ருர்', 'ஆளுல்', 'கூறிஞர்' என்று வருகிறது. இது என்ன மொழி?

கலப்பிலேயே கடினமானது இதுதான். உங்கள் புத்தகத்தில் இருப்பது பழைய வடிவம். எழுத்துணரி புதிய வடிவத்தையே எதிர்பார்த்துப் படிக்கிறது. பழைய றாவின் சுழியைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவற்றில் அதற்கு நெருங்கியது ரு என்று முடிவு செய்கிறது. 'என்றார்' என்பது 'என்ருர்' ஆவது அப்படித்தான். பழைய னா சில சமயம் ஞ ஆகிறது, சில சமயம் ளு ஆகிறது, சில சமயம் வெறும் ன ஆகிறது. ஆகவே ஒரே 'ஆனால்' ஒரே புத்தகத்தில் 'ஆஞல்', 'ஆளுல்', 'ஆனல்' என்று மூன்று வேடத்தில் வரும். பழைய ணா ணுவாகும்: 'கண்ணாடி' 'கண்ணுடி' ஆகும். துதிக்கையை இரட்டைக் கொம்பு என்று எடுத்துக்கொள்வதால் ணை, லை, ளை, னை நான்கும் ணே, லே, ளே, னே ஆகும்: 'துணே', 'வேலே', 'பிள்ளே', 'பூனே'.

எழுத்துணரி எல்லா இடத்திலும் தவறுவதில்லை. பாதி இடத்தில் சரியாகவும் பாதி இடத்தில் தவறாகவும் படித்துவிடும். அதனால் ஒரு பக்கத்தில் 'வேலை' என்றும் அடுத்த பக்கத்தில் 'வேலே' என்றும் இருக்கும். மேலோட்டமாகப் புரட்டுபவருக்குப் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கலந்து கிடப்பது போலவே தோன்றும். இதை எழுத்துரு மாற்றித் தீர்க்கப் பார்த்துத்தான் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

அப்படியானால் ணே, லே, ளே, னே எல்லாவற்றையும் ணை, லை, ளை, னை ஆக்கு என்று மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

கூடவே கூடாது. 'மேலே' 'மேலை' ஆகும், 'வீட்டிலே' 'வீட்டிலை' ஆகும், 'உள்ளே' 'உள்ளை' ஆகும், 'கண்ணே' 'கண்ணை' ஆகும். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தவறான மாற்றம்கூட நல்ல தமிழ்ச் சொல்லாகவே நிற்கிறது. பிழைதிருத்தி எதுவும் அதைப் பிடிக்காது.

இன்னும் கடினமானவை, இரு பக்கமும் பொருள் தரும் சொற்கள். 'நாளே' என்பது நாள்தானா, நாளையா? 'வீணே' என்பது வீணாகவா, வீணையா? 'யானே' என்பது நானேயா, விலங்கா? எல்லாவற்றுக்கும் மேல் 'அவனே'. 'அவனே அடித்தான்' என்றால் அடித்தவன் அவன். 'அவனை அடித்தான்' என்றால் அடி வாங்கியவன் அவன். ஒரு சுழியில் செய்தவனும் பட்டவனும் இடம் மாறிவிடுகிறார்கள். கதையாக இருந்தாலே பெரிய பிழை, வழக்கு விவரமோ ஊர் வரலாறோ என்றால் சொல்லவே வேண்டாம்.

உரையாடலில் வரும் 'இல்லே' இன்னொரு பொறி. ஆசிரியரே பேச்சு வழக்காக 'இல்லே' என்று எழுதியிருக்கலாம். அதை 'இல்லை' என்று திருத்தினால் பாத்திரத்தின் குரலை நாம் அழித்துவிடுகிறோம்.

இதுபோன்ற சொற்களுக்கு மூலப் பக்கத்தின் படத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. திரையில் இரு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். இரட்டைக் கொம்பு என்றால் எழுத்துக்கு இடப்பக்கம் தனியாக நிற்கும், நடுவே வெள்ளை இடைவெளி தெரியும். துதிக்கை என்றால் எழுத்தோடு ஒட்டி அதன் தலையிலிருந்து கிளம்பியிருக்கும்.

மொத்தமாக மாற்றக்கூடியது ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. தமிழ்ச் சொல்லுக்குள் ன் என்ற மெய்யை அடுத்தோ ற் என்ற மெய்யை அடுத்தோ ரகரம் வருவதில்லை. அதனால் 'ன்ரு', 'ற்ரு' என்று எங்கே கண்டாலும் அது தவறிப் படித்த றாதான். லிப்ரே ஆபீஸில் `Ctrl+H` திறந்து, `Regular expressions` என்பதைத் தேர்வு செய்து, மேல் பெட்டியில் முதல் வரியையும் கீழ்ப் பெட்டியில் இரண்டாம் வரியையும் கொடுங்கள்:

```
(ன்|ற்)ரு
$1றா
```

'நின்ருர்', 'என்ருல்', 'பெற்ருள்', 'காற்ருடி' எல்லாம் ஒரே அடியில் நேராகும். பிறமொழிப் பெயர்கள் நிறைய உள்ள நூலாக இருந்தால் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

அடுத்தது 'ஞர்'. 'கூறிஞர்', 'ஓடிஞர்', 'பேசிஞர்' எல்லாம் 'னார்' ஆக வேண்டியவை. ஆனால் கவிஞர், கலைஞர், அறிஞர், இளைஞர் உண்மையான ஞர். இவற்றை விட்டுவிட்டு மற்றதைத் தேட இப்படிக் கொடுக்கலாம்:

```
(?<!கவி|கலை|அறி|இளை)ஞர்
```

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்துணரி கலைஞரின் லையையும் தவறாகப் படித்திருந்தால் கோப்பில் 'கலேஞர்', 'இளேஞர்' என்று இருக்கும். அப்போது மேலே உள்ள விலக்கு அவற்றைக் காப்பாற்றாது, 'கலேனார்' ஆகிவிடும். அதனால் 'கலேஞர்', 'இளேஞர்' இரண்டையும் முதலில் தேடித் திருத்திவிட்டுத்தான் ஞர் பக்கம் வர வேண்டும். வந்த பிறகும் `Replace All` கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே என் வழக்கம். பொறிஞர், வினைஞர் என்று இன்னும் சில உண்டு, நூலுக்கு நூல் புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கும்.

'ஆஞல்', 'ஆளுல்', 'ஆனல்', 'அதஞல்' போன்றவை முழுச் சொல்லாக நிற்கும்போது வேறு பொருள் கிடையாது. முழுச் சொல்லாக மட்டும் தேடும்படி வைத்து மாற்றிவிடலாம்.

ஒரு பக்கத்தை முழுதாகத் திருத்திக் காட்ட முடியுமா? வரிசை பிடிபடவில்லை.

அண்மையில் என் கைக்கு வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். 1960களில் வந்த ஒரு ஊர் மலரின் மறுபதிப்பு. பெரும்பகுதி எழுத்துணரியில் எடுத்தது. ஸ்கேன் தெளிவில்லாத பக்கங்களை ஒருவர் பாமினியில் தட்டச்சு செய்திருந்தார். புதிய முன்னுரை கைப்பேசியில் அடித்து அனுப்பியது. திறந்தவுடன் மூன்றும் மூன்று தோற்றத்தில் இருந்தன.

முதலில் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு பாமினிப் பக்கங்களை யூனிகோடாக்கினேன். இதை முதலில் செய்யாவிட்டால் அந்தப் பக்கங்களில் எந்தத் தேடலும் வேலை செய்யாது. பிறகு முழுக் கோப்புக்கும் ஒரே எழுத்துரு. அதோடு தோற்றக் கலப்பு போனது, எஞ்சியது எழுத்துப் பிழை மட்டும். அந்த மாதிரிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
அவர் எழுந்து நின்ருர். "இல்லே, ஆளுல் மேலே ஏறி அவனே அழைத்தேன்" என்று கூறிஞர்.
```

'ன்ரு' மாற்றத்தில் 'நின்றார்' வந்துவிடும். முழுச் சொல் மாற்றத்தில் 'ஆனால்' வந்துவிடும். ஞர் தேடலில் 'கூறினார்'. இனி இரட்டைக் கொம்புகள் மூன்று பாக்கி. 'மேலே' சந்தேகமில்லாமல் மேலேதான். 'இல்லே', 'அவனே' இரண்டுக்கும் படத்தைத் திறக்க வேண்டும். இரண்டிலும் துதிக்கை இருந்தால் வரி இப்படி முடியும்:

```
அவர் எழுந்து நின்றார். "இல்லை, ஆனால் மேலே ஏறி அவனை அழைத்தேன்" என்று கூறினார்.
```

பேசுபவர் கூப்பிட்டது யாரை என்பது 'அவனை' என்று படித்த பிறகுதான் தெளிவாகிறது.

கொம்புத் தேடலுக்கு `[ணலளன]ே` என்று கொடுத்தால் சந்தேகத்துக்குரிய நான்கு எழுத்துகளும் மட்டும் வரும். இவ்வளவையும் படத்தோடு ஒப்பிடச் சலிப்பாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். சலித்த கண் 'லே'யை 'லை' என்றே படித்துக்கொண்டு போகும். நமக்குச் சொல் தெரியும் என்பதால் கண் ஏமாற்றிவிடுகிறது. நான் பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை எழுந்துவிடுவேன்.

1978-க்கு முந்தைய நூல் என்றால் முழுக்கப் பழைய எழுத்தில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. பெரியார் 1935-லேயே குடியரசு இதழில் இந்தச் சீர்திருத்த எழுத்துகளைக் கொண்டுவந்துவிட்டார். திராவிடர் கழக வெளியீடுகள் பல, அரசாணைக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புதிய வடிவத்தில் வந்தவை. மறுபக்கம், ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் ஈய எழுத்துகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாமல் பக்கத்தைப் பாருங்கள்.

இது வேலைக்கு நேரடியாக உதவும். ஒரு மலரில் பல இதழ்களிலிருந்து கட்டுரைகள் எடுத்திருந்தால், புதிய எழுத்தில் வந்த மூலத்திலிருந்து எடுத்த கட்டுரையில் 'வேலே' வகைப் பிழை மிகக் குறைவாகவே இருக்கும். எந்தக் கட்டுரைக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளலாம்.

புதிய எழுத்துக்கு மாற்றும்போது 'அய்யா' என்பதை 'ஐயா' என்று மாற்ற வேண்டுமா? அல்லது மறுபடி 'ஐ'யை 'அய்' ஆக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். ஐக்குப் பதில் அய், ஔவுக்குப் பதில் அவ் என்று எழுதுவதும் பெரியார் சொன்னதுதான். ஆனால் பதின்மூன்று எழுத்துகளைப் போல அது பொதுவழக்காகவில்லை. அது வடிவ மாற்றமும் அல்ல, எழுத்துக்கூட்டல் மாற்றம். கோப்பில் வேறு எண்கள், தேடலில் வேறு சொல். ஆசிரியர் 'அய்யா' என்று எழுதியிருந்தால் அது அவர் தேர்வு, அப்படியே இருக்கட்டும். துதிக்கையை நீக்குவதால் ஆசிரியரின் சொல் மாறுவதில்லை, இதில் கை வைத்தால் மாறிவிடும்.

கட்டுரையே எழுத்துச் சீர்திருத்தம் பற்றியது. ஒரு அட்டவணையில் மட்டும் பழைய வடிவம் தெரிய வேண்டும். எப்படி?

அந்த எழுத்துகளுக்கென்று தனியாக ஒரு எழுத்துப் பாணி உருவாக்கி, 'பழைய வடிவம்' என்று பெயர் வைத்து, அதில் மட்டும் பழைய வடிவம் காட்டும் எழுத்துருவைக் கொடுங்கள். பெயர் இருந்தால் பின்னால் யாராவது முழுக் கோப்பையும் சீராக்க வரும்போது இது வேண்டுமென்றே வைத்தது என்று தெரியும். பதின்மூன்று எழுத்தையும் அந்த எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். ணாவைச் சுழித்துக் காட்டி ணோவைக் காலோடு காட்டினால் அது அட்டவணைக்கு உதவாது.

கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும்போது அவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் அட்டவணையின் இரு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், படிப்பவர் குழம்பிப்போவார். வேர்டில் `File > Options > Save` போய் `Embed fonts in the file` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் நிச்சயமில்லை என்று தோன்றினால் அந்த அட்டவணையை மட்டும் படமாக வைத்துவிடுவது நல்லது.

என் கணினியில் எல்லாம் சரி. அச்சகத்திலிருந்து வந்த பிடிஎஃப்பில் மறுபடி இரண்டு மாதிரியும் இருக்கிறது. நான் எதை விட்டேன்?

நீங்கள் கொடுத்தது வேர்ட் கோப்பாக இருந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் அவர்களுடைய மென்பொருள் வேறொன்றைப் போட்டிருக்கும். ஊகிக்க வேண்டியதில்லை. பிடிஎஃப்பைத் திறந்து `File > Properties > Fonts` பாருங்கள், உள்ளே இருக்கும் எழுத்துருக்கள் எல்லாம் பெயரோடு வரும். லினக்ஸில் என்றால்:

```
pdffonts malar.pdf
```

பட்டியலில் நீங்கள் வைத்த தமிழ் எழுத்துருவும் அதன் தடித்த வடிவமும் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு தமிழ் எழுத்துரு தெரிந்தால் அதுதான் காரணம். பெரும்பாலும் அது தலைப்பிலோ பக்க எண் வரியிலோ ஒளிந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லியே அச்சகத்தாரிடம் கேளுங்கள். 'எழுத்து சரியில்லை' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. 'பதினேழாம் பக்கத் தலைப்பில் இந்த எழுத்துரு வந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு நான் தந்ததைப் போடுங்கள்' என்றால் ஐந்து நிமிட வேலை. முடிந்தால் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்பை நீங்களே ஆக்கிக் கொடுத்துவிடுங்கள்.